ஐஎம்இஐ நம்பரோட முதல் எண்கள் போன் எங்க பொறந்ததுன்னு சொல்லுமா: அடிக்கடி கேக்கற கேள்விகள்

முதல் ரெண்டு எண்ணைப் பாத்தா போன் எந்த நாட்டுல தயாரானதுன்னு கண்டுபிடிச்சிடலாமா?

முடியாது. அந்த ரெண்டு எண்ணு சொல்றது இந்த மாடலுக்கு நம்பர் ஒதுக்கிக் குடுத்த அமைப்பு எதுங்கறது மட்டும்தான். ஆலை எங்க இருக்கு, எந்த ஊர்ல அசெம்பிள் பண்ணாங்க, எந்த நாட்டுல விக்கறதுக்காக செஞ்சாங்க, இதுல ஒண்ணும் அதுல இல்ல.

கொஞ்சம் விளக்கமா சொல்றேன். போன்ல *#06# அடிச்சா 15 எண் வரும், அதுதான் ஐஎம்இஐ, ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள நம்பர். அதுல முதல் 8 எண்ணுக்கு டிஏசின்னு பேரு, இது மாடலுக்கு உரியது, ஒரே மாடல்ல இருக்கற நிறைய போனுக்கு இது ஒண்ணாவே இருக்கும். அடுத்த 6 எண்ணு அந்தத் தனிப்பட்ட போனோட வரிசை நம்பர். கடைசி ஒண்ணு சரிபார்க்கற எண். இந்த டிஏசியோட முதல் ரெண்டு எண்ணுதான் நாம பேசற விஷயம். இந்த மொத்த ஏற்பாட்டையும் ஜிஎஸ்எம்ஏங்கற உலக அளவிலான மொபைல் சங்கம் பாத்துக்குது, ஆனா நம்பர் குடுக்கற வேலைய ஒரு சில அமைப்புங்ககிட்ட பிரிச்சுக் குடுத்திருக்கு. ஒவ்வொரு அமைப்புக்கும் ரெண்டு எண் அடையாளம் உண்டு. கம்பெனிக்காரங்க புது மாடலுக்கு எந்த அமைப்புகிட்ட விண்ணப்பம் போட்டாங்களோ அதோட எண்ணு முன்னாடி வந்து உக்காந்துடும், அவ்வளவுதான்.

சரி எந்த எண்ணு எந்த அமைப்பு? 35, 86, 01, 91 இதெல்லாம் என்ன?

இப்ப கையில இருக்கற போன்ங்கள்ல பெரும்பாலும் நீங்க பாக்கறது 35. அது பிஏபிடிங்கற பிரிட்டிஷ் அமைப்பு, இப்போ டியூவி சூட் குழுமத்துக்குள்ள இருக்கு. 86ன்னா சீனாவோட டிஏஎஃப். 01 அமெரிக்காவுல பிடிசிஆர்பி வழியா வந்தது. 91ன்னா இந்தியாவுல எம்எஸ்ஏஐ. 99ல ஆரம்பிச்சா, ஜிஎஸ்எம் வழி வந்த நெட்வொர்க்லயும் பழைய சிடிஎம்ஏ நெட்வொர்க்லயும் ரெண்டுலயுமே வேலை செய்யற மாதிரி செஞ்ச கருவின்னு அர்த்தம், அதுக்கு தனி நிர்வாகம் இருந்துச்சு. ரொம்பப் பழைய போன் எடுத்தீங்கன்னா 49ன்னு ஜெர்மனி, 33ன்னு பிரான்ஸ், 44ன்னு பிரிட்டன்னு இன்னும் சிலது கண்ணுல படும், ஏன்னா ஆரம்ப காலத்துல ஐரோப்பாவுல ஒவ்வொரு நாட்டு அமைப்பும் தனித்தனியா போனுக்கு ஒப்புதல் குடுத்துட்டு இருந்தாங்க.

இப்ப ஒரு உதாரணம் பாருங்க. ஆரம்ப கால ஐபோன்ங்க பலதுல 01ன்னு தொடங்கும், பின்னாடி வந்ததெல்லாம் 35ல தொடங்குது. ரெண்டு காலத்துலயும் அசெம்பிள் நடந்தது பெரும்பாலும் சீனாவுலதான். அமெரிக்காவுலயும் செய்யல, பிரிட்டன்லயும் செய்யல. அதே மாதிரி சாம்சங் போன் வியட்நாம்ல செஞ்சாலும் இந்தியாவுல செஞ்சாலும் கொரியாவுல செஞ்சாலும் முன்னாடி பெரும்பாலும் 35தான் நிக்கும். சீன கம்பெனி மாடல் ஒண்ணு வேற நாட்டு ஆலையில அசெம்பிள் ஆகி அந்த நாட்டு ஸ்டிக்கரோடவே வந்தாலும் நம்பர் 86ன்னு தொடங்கறது சகஜம். அதனால 86ஐப் பாத்துட்டு "ஐயோ உள்ளூர்ல செஞ்சதுன்னு சொல்லி ஏமாத்திட்டாங்க"ன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, அவர் சொன்னது உண்மையாவே இருக்கலாம்.

என்னோடது 358ன்னு ஆரம்பிக்குது, 358 ஃபின்லாந்து கோடுதானே, அப்ப போன் ஃபின்லாந்துதானே?

இந்தக் குழப்பம் வர்றதுக்கு நியாயமான காரணம் இருக்கு. 33, 44, 49, 86, 91 எல்லாத்தையும் பாத்தா வெளிநாட்டுக்கு போன் போடும்போது அடிக்கற நாட்டுக் கோடு மாதிரியே இருக்கும். பழைய முறையில அந்த ஒப்புமை வேணும்னே வெச்சதுதான், ஒப்புதல் குடுத்த நாட்டோட கோடை ஒட்டித்தான் எண்ணு இருந்துச்சு. ஆனா 35 அந்தக் கணக்குல வராது. 351 போர்ச்சுகல், 353 அயர்லாந்து, 358 ஃபின்லாந்துன்னு டயல் கோடு இருக்கறதால 35க்கு அடுத்த எண்ணையும் சேத்துப் படிச்சுட்டு ஆளாளுக்கு ஒரு நாடு சொல்றாங்க. ஐஎம்இஐயில அமைப்புக்கு உள்ளது ரெண்டே எண்ணுதான். 35 முடிஞ்ச உடனே அடுத்து வர்ற 8 அந்த மாடலோட ஒதுக்கீட்டு எண்ணுல முதல் இலக்கம், அதுக்கும் ஃபின்லாந்துக்கும் சம்பந்தம் கிடையாது. உங்க பக்கத்துல இருக்கறவர் போன் 351ன்னும் இன்னொருத்தர் போன் 357ன்னும் இருக்கும், மூணுமே ஒரே அமைப்பு குடுத்ததுதான்.

7வது 8வது எண்ணைப் பாருங்க, செஞ்ச நாடும் தரமும் தெரியும், 00 வந்தா ஒரிஜினல் ஃபேக்டரி, 02 இல்ல 20 வந்தா மட்டமான தரம், 13 வந்தா உடம்புக்கே ஆபத்துன்னு ஃபார்வர்டு வருதே, அது நெசமா?

இல்ல. இந்த ஃபார்வர்டு ரொம்ப வருஷமா சுத்திக்கிட்டு இருக்கு, இதை நம்பி நல்ல போனைத் திருப்பிக் குடுத்தவங்களை எனக்கே தெரியும். நான் ரிப்பேர் பெஞ்ச்ல உக்காந்திருந்த காலத்துல ஒரு அம்மா புதுப் போனை எடுத்துட்டு வந்து இதுல 13ன்னு இருக்கு தம்பி, பையன் பக்கத்துலயே வெச்சுக்கிட்டுத் தூங்கறான்னு பயந்துபோய் நின்னாங்க, அவங்களுக்கு உக்காந்து விளக்கிச் சொல்லி அனுப்பறதுக்குள்ள அரை மணி நேரம் ஆச்சு. அதனாலதான் இதை இங்க கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல இந்தக் கதைக்குள்ள ஒரு துளி உண்மை இருக்கு. 2003க்கு முன்னாடி ஐஎம்இஐயோட வடிவம் வேற. அப்ப டிஏசி 6 எண்ணுதான். அதுக்கு அடுத்த ரெண்டு எண்ணு, அதாவது 7வதும் 8வதும், எஃப்ஏசின்னு தனியா இருந்துச்சு, அது கடைசியா அசெம்பிள் பண்ண இடத்தைக் குறிக்கும். ஆலையோட அடையாளம், அவ்வளவுதான். தரம் இப்படி, ஆரோக்கியம் இப்படின்னு அதுல ஒண்ணுமே கிடையாது, எந்த அமைப்பும் தர மதிப்பெண் போட்டு அதை ஐஎம்இஐக்குள்ள எழுதி வெக்கல.

2003 ஜனவரி 1ல இருந்து 2004 ஏப்ரல் 1 வரைக்கும் மாறுதல் காலம். அந்த நாள்ல எஃப்ஏசி இடத்துல 00ன்னு போடச் சொல்லிட்டாங்க. 2004 ஏப்ரலுக்கு அப்புறம் எஃப்ஏசிங்கறதே கிடையாது, அந்த ரெண்டு இடத்தையும் டிஏசி எடுத்துக்கிட்டு 8 எண்ணா ஆகிடுச்சு. அப்ப இன்னிக்கு உங்க போன்ல 7வது 8வது எண்ணு வெறும் ஒதுக்கீட்டு வரிசையோட வால். 00, 01, 02ன்னு போயி 13, 14, 20ன்னு எல்லாமே வரும், வந்துதான் ஆகணும். 13 வந்த மாடலுக்கும் 12 வந்த மாடலுக்கும் நடுவுல கதிர்வீச்சுல ஒரு வித்தியாசமும் அந்த எண்ணால கிடையாது.

ரெண்டு எண்ணுல நாடும் தரமும் தெரியும்னு சொல்றவங்ககிட்ட ஒண்ணு கேளுங்க, இப்ப உலகத்துல போன் செய்யற ஆலை எந்தெந்த நாட்டுல இருக்கு, அந்த ஃபார்வர்டுல எந்தெந்த நாடு இருக்குன்னு. வியட்நாம் அதுல இருக்கான்னு தேடிப் பாருங்க.

ஒரு நம்பரை வெச்சு பிரிச்சுக் காட்டுங்க, அப்பதான் புரியும்.

உதாரணத்துக்காகவே பல இடத்துல அச்சடிச்சு வந்திருக்கற ஒரு பழைய நம்பரை எடுத்துக்கறேன், யாரோட போனையும் காட்டக்கூடாதுங்கறதால.

```
490154203237518
```

பழைய முறைப்படி படிச்சா இப்படிப் பிரியும்:

```
490154 20 323751 8
```

முதல் 49, ஜெர்மனியோட ஒப்புதல் அமைப்பு. 490154 முழுசும் மாடலோட ஒப்புதல் எண். அடுத்து 20, அது எஃப்ஏசி, எந்த ஆலையில முடிச்சாங்கங்கறது. 323751 வரிசை நம்பர். கடைசி 8 சரிபார்க்கற எண்.

இப்ப நம்ம ஃபார்வர்டைக் கொண்டு வந்து இது மேல வெச்சுப் பாருங்க. 7வது 8வது 20, அதனால இது மட்டமான போன்னு சொல்லணும். முதல் ரெண்டு எண்ணை நாடுன்னு நம்பற இன்னொரு கூட்டம் 49, ஜெர்மனியில செஞ்சது, அருமையான போன்னு சொல்லணும். ஒரே நம்பர், ரெண்டு கதை, ரெண்டுமே தப்பு. ஜெர்மனியில ஒப்புதல் வாங்கியிருக்கு, ஆலை எங்கயும் இருந்திருக்கலாம், அந்த ஆலை எதுன்னு தெரிய 20ங்கற எண்ணை அந்தக் கம்பெனி எதுக்கு வெச்சிருந்துச்சுங்கற பட்டியல் வேணும்.

இன்னொரு அச்சடிச்ச உதாரணம்:

```
352099001761481
352099 00 176148 1
```

35ன்னா பிஏபிடி, 2099 அவங்க குடுத்த ஒதுக்கீட்டு எண். அப்புறம் 00. ஃபார்வர்டு இதைப் பாத்தா ஒரிஜினல் ஃபேக்டரின்னு கைதட்டும். ஆனா அந்த 00க்கு அர்த்தம் இது அந்த மாறுதல் காலத்து நம்பர்ங்கறதுதான், ஆலை எண்ணை எடுத்துட்டு இடத்தை காலியா விட்டுட்டாங்க. ஒரு தகவலும் இல்லங்கறதைக் காட்டற 00ஐ உயர்ந்த தரம்னு மாத்திச் சொல்லிட்டாங்க பாருங்க, என் கணிப்புல அந்தக் கதையோட வேரே இங்கதான் இருக்கணும்.

கடைசி எண்ணு எப்படி கணக்கு போடறாங்க? அது சரியா வந்தா போன் ஒரிஜினல்னு எடுத்துக்கலாமா?

கணக்கு சுலபம், பேப்பர்லயே போடலாம். முதல் 14 எண்ணுல 2வது, 4வது, 6வதுன்னு இரட்டை இடத்துல இருக்கறதை மட்டும் ரெண்டால பெருக்கணும், பெருக்கி ரெண்டு இலக்கம் வந்தா அந்த ரெண்டையும் கூட்டி ஒண்ணாக்கணும். நம்ம முதல் நம்பர்ல இரட்டை இடத்துல இருக்கறது 9, 1, 4, 0, 2, 7, 1. பெருக்கிச் சுருக்கினா 9, 2, 8, 0, 4, 5, 2, கூட்டுனா 30. ஒற்றை இடத்துல இருக்கற 4, 0, 5, 2, 3, 3, 5 அப்படியே கூட்டுனா 22. மொத்தம் 52. அடுத்த பத்து 60, அதுக்குக் குறையறது 8. கடைசி எண்ணும் 8, சரியா இருக்கு.

ஆனா இது எழுதும்போது வர்ற தப்பைப் பிடிக்கறதுக்கு வெச்சது. ஒரு எண்ணை மாத்தி எழுதிட்டா உடனே காட்டிக் குடுக்கும். போலி செய்யறவனுக்கு இந்தக் கணக்கு தெரியாதா என்ன? சரியா வரலன்னா அந்த நம்பர் கண்டிப்பா தப்பு, சரியா வந்தா ஒண்ணும் நிரூபணம் ஆகல. நல்ல உதாரணம் 004999010640000. பழைய கேலக்ஸி போன்ங்கள்ல உள்ள ஐஎம்இஐ இருக்கற ஃபைல் கெட்டுப் போச்சுன்னா இந்த நம்பர் வந்து நிக்கும், பல பேர் போன்ல இதே நம்பர்தான். கணக்குப் போட்டுப் பாருங்க, 40 வரும், கடைசி எண் 0, சரியாவே பொருந்தும். ஆனா அது உங்க போனோட நம்பரே இல்ல.

அப்ப 00ன்னு ஆரம்பிச்சா அந்த மாதிரி கெட்டுப்போன போன்தானா?

முதல் ரெண்டு எண்ணு 00ன்னா அது சோதனைக்காக ஒதுக்கி வெச்ச வகை. விக்கற போனுக்கு வரக்கூடாது. 7வது 8வது இடத்துல வர்ற 00 வேற, ஆரம்பத்துல வர்ற 00 வேற, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது ஆரம்பத்துலயே 00 பாத்தீங்கன்னா சாஃப்ட்வேர் கெட்டிருக்கு இல்லன்னா யாரோ கை வெச்சிருக்காங்க, வாங்காதீங்க.

நானும் என் ஃப்ரெண்டும் ஒரே மாடல் வாங்கினோம், முதல் 8 எண்ணு வேற வேறயா இருக்கு. ஒண்ணு போலியா?

வேண்டாம், பயப்படாதீங்க. வரிசை நம்பருக்கு 6 இடம்தானே இருக்கு, 000000ல இருந்து 999999 வரைக்கும். அதனால ஒரு டிஏசிக்கு அதிகபட்சம் 10 லட்சம் போன்தான். நல்லா விக்கற மாடல் பத்து லட்சத்தைத் தாண்டும், தாண்டினா கம்பெனி அடுத்த டிஏசி வாங்கணும். ஒரே பேர்ல விக்கற மாடலுக்குள்ளயே வேற வேற நாட்டுக்கு ரேடியோ அலைவரிசை மாத்தி செய்வாங்க, அதுக்கும் தனித்தனி டிஏசி வரும்.

ரெண்டு சிம் போன்ல ரெண்டு ஐஎம்இஐ வருது, ரெண்டும் ஒரே மாதிரி இல்லயே?

ரெண்டு நம்பரும் வேற வேறயா இருந்துதான் ஆகணும். சில கம்பெனி ஒரே டிஏசிக்குள்ள பக்கத்துப் பக்கத்து வரிசை நம்பரா குடுப்பாங்க, சில கம்பெனி முதல் 8 எண்ணுலயே ஒண்ணு ரெண்டு இலக்கம் மாத்திக் குடுப்பாங்க. ரெண்டுமே சரிதான். ரெண்டுமே ஒரே நம்பரா வந்தா, அப்பதான் சந்தேகப்படணும்.

என் போன்ல நம்பருக்குப் பின்னாடி /01ன்னு வருது, அது அமெரிக்கான்னு சொன்னாங்க.

அது சாஃப்ட்வேர் பதிப்பு எண். 01ங்கறது அமெரிக்க அமைப்பைக் குறிக்கறது முதல் ரெண்டு இடத்துல வந்தா மட்டும்தான். கடைசியில வர்றதுக்கு அந்த அர்த்தம் கிடையாது, பெரிய அப்டேட் போட்ட பிறகு அது மாறவும் செய்யலாம்.

அப்ப முதல் எண்களால ஒரு பிரயோஜனமும் இல்லயா?

இருக்கு, நெறையவே இருக்கு, ஆனா நாடு கண்டுபிடிக்க இல்ல. முதல் 8 எண்ணையும் சேத்துத் தேடுனா பிராண்டும் மாடலும் வரும். ரெண்டு எண்ணுல ஒண்ணும் தெரியாது, எட்டு எண்ணுல போன் யாருன்னு தெரியும். போன்ல *#06# அடிச்சு வர்ற நம்பரை எழுதிக்கோங்க, செட்டிங்ஸ்ல இருக்கறதைப் பாருங்க, பெட்டி ஸ்டிக்கர்ல இருக்கறதைப் பாருங்க, சிம் ட்ரேயிலயோ பின்பக்கமோ அச்சடிச்சிருந்தா அதையும் பாருங்க. எல்லாம் ஒண்ணா இருக்கணும், அப்புறம் அந்த 8 எண்ணு கையில இருக்கற மாடலைத்தான் காட்டணும்.

என் பெஞ்சுக்கு ஒரு தடவை விலை உயர்ந்த மாடல் மாதிரியே ஒண்ணு வந்துச்சு, எடை கூட சரியா இருந்துச்சு, டிஏசியைப் போட்டா சாதா பட்டன் போன் ஒண்ணோட பேரு வருது. போலின்னு அங்கயே முடிவாச்சு. இன்னொரு தடவை பெட்டியில ஒரு நம்பர், போன்ல ஒரு நம்பர், ஆனா ரெண்டுக்கும் அதே மாடல்தான் காட்டுச்சு. அது மதர்போர்டு மாத்தின போன், ஐஎம்இஐ போர்டோட வர்றதால நம்பரும் மாறிடுச்சு. மதர்போர்டு மாத்தினது திருட்டும் இல்ல போலியும் இல்ல, ஆனா விக்கறவர் அதைச் சொல்லியிருக்கணும்.

இதுக்கும் எல்லை உண்டு. போலி போன்ல அதே மாடலோட உண்மையான போன்ல இருந்து நம்பரைத் திருடிப் போட்டிருந்தா டிஏசி தேடல்ல எல்லாம் பொருத்தமா வரும், ஒண்ணும் பிடிபடாது. அதோட இலவசமா தேடித் தர்ற தளங்கள் பலது மக்கள் சேத்துக் குடுத்த பட்டியலை வெச்சு நடக்குது, புது மாடல் இருக்காது, சிலது தப்பாவும் இருக்கும். ஒரு தளத்துல தெரியலன்னு வந்தா உடனே போலின்னு முடிவு கட்டாதீங்க, இன்னொண்ணுலயும் பாருங்க.

சில தளம் தேடினதும் நாடு: பிரிட்டன்னு ஒரு வரி காட்டும். 35ஐப் பாத்து தானா போட்ட வரி அது.

எனக்கு செஞ்ச நாடு தெரிஞ்சே ஆகணும், எங்க பாக்கறது?

பெட்டி ஸ்டிக்கர்லயும் போன்லயும் மேட் இன், இல்லன்னா அசெம்பிள்டு இன்னு எழுதியிருக்கும், அதுதான் நேரடியான பதில். பெட்டி இல்லாத பழைய போன்னா பின்பக்கம், பேட்டரியைக் கழட்டற மாடல்னா பேட்டரிக்குக் கீழ, இல்லன்னா செட்டிங்ஸ்ல சட்ட விவரம் காட்டற பக்கம், இந்த மூணு இடத்துலயும் பாருங்க.

கம்பெனி போடற சீரியல் நம்பர் வேற, ஐஎம்இஐ வேற. சீரியல் நம்பருக்குள்ள ஆலை அடையாளம் வெக்கறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆப்பிள் 12 எழுத்து சீரியல் போட்ட காலத்துல முதல் மூணு எழுத்து ஆலையைக் காட்டிட்டு இருந்துச்சு, 2021ல இருந்து சீரியலை எந்த ஒழுங்கும் இல்லாத எழுத்துக் கலவையா மாத்தத் தொடங்கிட்டாங்க, அதனால புது போன்ல அந்த வழியும் அடைஞ்சாச்சு. ஆப்பிள் மாடல் நம்பர் கடைசியில வர்ற LL/A, HN/A மாதிரி எழுத்து எந்தச் சந்தைக்காக அனுப்பினாங்கன்னு சொல்லும், எங்க செஞ்சாங்கன்னு சொல்லாது. வாரண்டி செல்லுமாங்கறது உங்க கேள்வின்னா தயாரிச்ச நாட்டை விட்டுட்டு இந்தச் சந்தை எழுத்தைப் பாருங்க, நிறைய பேர் உண்மையில கேக்க வந்தது அதுதான்.